ஜொகூர் விநியோகஸ்தருக்குத் தனியுரிமை: 500 பெட்டி அதிகமா, குறைவா?

உலக்கை, 9 மார்ச் 2025, இரவு 10.40

செனோக்கோவில் சின்ன உணவுத் தொழிற்கூடம் வைத்திருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்கு நான்கு பெண்களும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு மாவு என்று மூன்றே சரக்கு, எல்லாம் 200 கிராம் பை, 24 பை ஒரு பெட்டி. சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளுக்கும் நாங்களே வேனில் கொண்டுபோய்ப் போடுகிறோம்.

இனி கடற்பாலம் தாண்ட வேண்டும். ஜொகூர் பாருவில் ஒரு விநியோகஸ்தரைப் பார்த்துவிட்டு வந்தேன். அரிசி, பருப்பு, ஊறுகாய் போடுகிறவர். நான்கு லாரி, ஆறு விற்பனையாளர்கள். தான் மட்டுமே விற்கும் தனியுரிமை கொடுக்காமல் புதுச் சரக்கைத் தொடமாட்டார் என்று சுற்றிலும் சொல்கிறார்கள், அதனால் நானே முந்திக்கொண்டு கடிதம் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். அனுப்புவது ஆங்கிலத்தில்தான். சாரம் இது:

"தங்கள் நிறுவனத்தை மலேசியா முழுமைக்கும் எங்கள் ஏக விநியோகஸ்தராக நியமிக்க விரும்புகிறோம். காலம் இரண்டு ஆண்டு. முதல் ஆறு மாதம் வெள்ளோட்டம். அந்த ஆறு மாதத்தில் 500 பெட்டி எடுத்தால் தனியுரிமை தொடரும். விலை பைக்கு 2.40 சிங்கப்பூர் வெள்ளி."

கேள்வி ஒன்றுதான். 500 அதிகமா, குறைவா?

எண்கணக்கு, 10 மார்ச், காலை 8.15

500 சரி. ஆறு மாதத்திற்கு 12,000 பை, மாதம் 2,000. ஒரு மாநிலத்திற்கு அது பெரிய எண் இல்லை.

விலையையும் போட்டுப் பார்த்தேன். 2.40 வெள்ளி, ஒரு வெள்ளிக்கு 3.3 ரிங்கிட் என்றால் 7.92. லாரி, சுங்கத் தரகர் எல்லாம் பைக்கு 60 சென் வைத்தால் 8.52. விநியோகஸ்தருக்கு 20 சதவீதம், கடைக்கு 25 சதவீதம். கடையில் 12.78 ரிங்கிட். அதையே சில்லறை விலையாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வேலை முடிந்தது.

கிள்ளான் கடை, 10 மார்ச், மதியம் 1.30

ஆக, இனி எனக்குச் சரக்கு வராது என்கிறீர்கள். நல்லது. போன தடவை ஒரு நல்லெண்ணெய்க்கு இப்படித்தான் ஒருவருக்கு மட்டும் உரிமை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் விலை ஏறியது. காலாவதியான 40 புட்டியை எடுத்துப்போக ஆள் வரவில்லை. விற்பனையாளர் கைப்பேசியை எடுக்கவே மாட்டார். உங்கள் பொடி என் கடையில் நன்றாகப் போகும், நேராக எனக்கே அனுப்பிவிடுங்களேன்.

உலக்கை, 10 மார்ச், மாலை 6.05

அண்ணன், உங்கள் கடைக்கு நான் இதுவரை ஒரு பைகூடப் போட்டதில்லை. ஜொகூர் ஆளைப் பற்றித்தான் கேட்டேன். ஆனால் அந்த 40 புட்டிக் கதையைக் குறித்துக்கொண்டேன். என் கடிதத்தில் காலாவதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடற்பாலம், 10 மார்ச், இரவு 11.50

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பக்கம் சரக்கு போட்டவன், இப்போது ஓய்வு. கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் கடிதத்தைக் கொஞ்சம் கிழிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் "மலேசியா முழுமைக்கும்". ஆறு விற்பனையாளர்கள் வைத்திருப்பவர் பினாங்குக்குப் போவாரா? சபா, சரவாக்குக்கு? போகாத இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அங்கே அவரும் விற்கமாட்டார், உங்களாலும் வேறு ஆளைப் போட முடியாது. அவருடைய லாரி வாரத்திற்கு ஒரு முறையாவது எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும்தான் உரிமை. இவருக்கு அது ஜொகூர். மலாக்கா அவர் கேட்டால் பார்க்கலாம்.

அடுத்து "ஏக". இந்தச் சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். வேறு விநியோகஸ்தரைப் போடமாட்டேன், ஆனால் நானும் விற்பேன் என்பது ஒன்று. உன்னைத் தவிர யாரும் விற்கமாட்டார்கள், நான் உட்பட என்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஒரு சொல், இரண்டாவதற்கு ஒரு சொல். எழுதுகிறவர் ஒன்றை நினைத்து மற்றதைப் போட்டுவிடுவார். நீங்கள் எதை நினைத்தீர்கள்? இணையத்தில் விற்கிறீர்களா? ஜொகூரிலிருந்து ஒருவர் அதில் இரண்டு பை கேட்டால் அனுப்புவீர்களா? இரண்டாவது பொருள் என்றால் அனுப்பக்கூடாது. சொல்லை நம்பாதீர்கள். உள்ளே எது, வெளியே எது என்று வாக்கியமாக எழுதுங்கள்.

எண்கணக்குத் தம்பி, கூட்டல் சரி, வழக்கம் தவறு. இந்தத் தொழிலில் 20 சதவீதம் என்றால் விற்கிற விலையில் 20. வாங்கிய விலையின் மேல் அல்ல. 8.52ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 10.65 வரும். கடைக்காரரும் அப்படியே. 0.75ஆல் வகுத்தால் 14.20. நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் ஒன்றரை ரிங்கிட் தள்ளி நிற்கிறது.

சில்லறை விலையை ஒப்பந்தத்தில் கட்டுவது சிங்கப்பூரில் பெரிய பிரச்சினை ஆகாமல் போகலாம், ஏனென்றால் விற்பவர் வாங்குபவர் இடையிலான இத்தகைய ஒப்பந்தங்களை இங்குள்ள போட்டிச் சட்டத்தின் தடை தொடுவதில்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை, அங்கே மறுவிற்பனை விலையைக் கட்டுவதைக் கடுமையாகப் பார்க்கிறார்கள். சரக்கு விற்பது அங்கே. பரிந்துரை விலை என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

500ஐப் பற்றி நாளை. கண் சொருகுகிறது.

உலக்கை, 11 மார்ச், காலை 6.20

14.20 என்று பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. அங்கே உள்ளூர்ப் பொடி அதைவிட நல்ல மலிவு, நானே கடைகளில் பார்த்தேன். எங்கள் அடக்க விலையைத் திரும்பப் போட்டேன். சிங்கப்பூர்க் கடைகளுக்கு வேன், பெட்ரோல், என் கணவரின் அரை நாள் எல்லாம் அந்த 2.40க்குள் இருக்கிறது. ஜொகூர்காரர் என் வாசலில் மொத்தமாக ஏற்றிக்கொண்டால் அந்தச் செலவு இல்லை. 1.90க்குக் கொடுக்கலாம். அதாவது 6.27, செலவோடு 6.87, விநியோகஸ்தர் விற்பது 8.59, கடையில் 11.45. இன்னும் கூடுதல்தான், ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும் விலை.

"ஏக" விஷயத்தில் எனக்கு ஒரு தலைவலி உண்டு. மாசாயில் ஒரு கடைக்கார மாமா. ஐந்து வருடமாகப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாலம் தாண்டி வந்து இரண்டு பெட்டி ரொக்கத்திற்கு வாங்கிப் போகிறார். எங்கள் சரக்கை முதன்முதலில் அந்தப் பக்கம் கொண்டுபோனவர் அவர்தான். இப்போது அவரைப் பார்த்து, இனி ஜொகூர் விநியோகஸ்தரிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வாய் வராது.

சுண்டல், 11 மார்ச், காலை 9.00

வாரத்திற்கு ஒரு பெட்டி வாங்குகிறவருக்காக ஒரு மாநிலத்தின் ஒப்பந்தம் நிற்கிறதா? மாமாவை வெள்ளிக்கிழமை மாலை வரச் சொல்லுங்கள். உட்லண்ட்ஸ் நெரிசலில் பொடி பாலத்திலேயே காலாவதி ஆகிவிடும், பிரச்சினை தானாகத் தீரும்.

சிரிப்பு போகட்டும். நான் தலைக்கு வைக்கும் எண்ணெய் விற்கிறேன். வேறொரு நாட்டில் ஒருவருக்குத் தனியுரிமை கொடுத்தேன். அவர் என் வணிகப் பெயரைத் தம் பெயரில் அங்கே பதிந்துகொண்டார். உரிமை முடிந்த பிறகு என் எண்ணெயை என் பெயரிலேயே அங்கே விற்க முடியவில்லை. கடிதம் அனுப்புவதற்கு முன் பெயரைப் பதியுங்கள்.

கடற்பாலம், 11 மார்ச், மாலை 4.30

சுண்டல் சொன்னதை வழிமொழிகிறேன். வணிகப் பெயரை ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிய உதவும் மாட்ரிட் நெறிமுறையில் 2019 டிசம்பரிலிருந்து மலேசியாவும் இருக்கிறது, சிங்கப்பூர்ப் பதிவை அடிப்படையாக வைத்து இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம்.

மாமாவை விலக்கப்பட்டவர் பட்டியலில் சேருங்கள். கடிதத்தின் பின்னால் ஒரு தாள். அதில் ஏற்கெனவே உங்களிடம் வாங்கும் ஜொகூர்க்காரர்கள் யார், மாதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறைத்தால்தான் சண்டை. நாலைந்து பெட்டிக்கு எந்த விநியோகஸ்தரும் எழுந்து போகமாட்டார். ஆனால் அளவை எழுத வேண்டும். இல்லையென்றால் மாமா திடீரென்று மாதம் 40 பெட்டி வாங்கி அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போட ஆரம்பிப்பார். நான் பார்த்திருக்கிறேன், அந்த மாமா என் மாமா.

இப்போது 500. அதிகமா குறைவா என்பதல்ல, தவறான இடத்தில் வைத்த எண். அவர் எடுப்பதை எண்ணுகிறீர்கள். வாடிக்கையாளர் எடுப்பதை யாரும் எண்ணவில்லை. அவர் முதல் தடவை எத்தனை பெட்டி கேட்டார்?

உலக்கை, 11 மார்ச், மாலை 5.10

வாய்ப்பேச்சில் 200 என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடற்பாலம், 11 மார்ச், இரவு 9.45

அந்த 200ஐப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் சரக்கு சிங்கப்பூரில் ஒரு சராசரிக் கடையில் வாரத்திற்கு எத்தனை போகிறது?

உலக்கை, 11 மார்ச், இரவு 9.58

ஒவ்வொரு சரக்கும் வாரம் மூன்று பை. முறுக்கு மாவு மட்டும் தீபாவளிக்கு முன் பறக்கும், மற்ற நாளில் தூங்கும்.

கடற்பாலம், 11 மார்ச், இரவு 10.40

புது ஊரில் பாதி என்று வையுங்கள், ஒன்றரை பை. வெள்ளோட்டத்தில் அவர் 40 கடையில் வைப்பார். 40 கடை, மூன்று சரக்கு, ஒன்றரை பை. வாரம் 180, மாதம் சுமார் 780 பை, அதாவது 32, 33 பெட்டி.

முதலில் அலமாரியை நிரப்ப வேண்டும். கடைக்கு ஒவ்வொன்றிலும் 12 பை. 1,440 பை, சரியாக 60 பெட்டி. ஆக 200இல் 60 அலமாரிக்கு, மீதி 140 கிடங்கில். மாதம் 33 பெட்டிதான் போகிறது என்றால் அந்த 140 நான்கு மாதத்திற்கு மேல் அங்கேயே இருக்கும். தீபாவளிக்கு முன் முறுக்கு மாவில் ஒரு 150 எடுத்துவிட்டு, கடைசி மாதத்தில் இன்னொரு 150 எடுத்தால் உங்கள் 500 முடிந்தது. உரிமை இரண்டு ஆண்டு தொடரும். கடையில் எத்தனை போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. பெட்டி நகர்ந்திருக்கும், பொடி நகர்ந்திருக்காது.

எனவே இப்படி எழுதுங்கள். முதல் ஆர்டர் 90 பெட்டிக்கு மேல் கிடையாது, அலமாரிக்கு 60, கையிருப்புக்கு 30. அது கணக்கில் சேராது. முறுக்கு மாவும் கணக்கில் சேராது, அது பண்டிகைச் சரக்கு. இரண்டு பொடிகளை மட்டும், மூன்றாம் மாதத்திலிருந்து எண்ணுங்கள். மாத முதல் இருப்பு, வந்தது, மாத இறுதி இருப்பு என்று அவர் ஒரு தாள் அனுப்ப வேண்டும். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் கிடங்கைவிட்டு வெளியே போனது வரும். இரண்டு பொடிக்கு மேலே போட்ட கணக்குப்படி மாதம் 520 பை, 22 பெட்டிக்குச் சற்றுக் கீழே. மாதம் 20 என்று வையுங்கள், நான்கு மாதத்தில் 80.

எண்கணக்கு, 12 மார்ச், காலை 8.05

500இலிருந்து 80ஆ? விநியோகஸ்தர் சிரிக்கமாட்டாரா? இவ்வளவு குறைந்த எண்ணைப் பார்த்தால் உங்கள் சரக்கில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்.

கடற்பாலம், 12 மார்ச், காலை 11.20

சிரிக்கட்டும். 500 என்பது கிடங்குக்கு உள்ளே போவது, 80 என்பது வெளியே போவது. அனுபவமுள்ள ஆள் இரண்டாவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிடுவார்.

மறந்துபோன ஒன்று. மலேசியாவில் விற்கும் இறக்குமதி உணவுப் பொட்டலத்தில் அங்குள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் உள்ளது. பை அச்சிடும்போது அதையும் சேர்த்து அச்சிட்டுவிடாதீர்கள். ஒட்டுச்சீட்டு போதும். வெள்ளோட்டம் தோற்றால் அவர் பெயர் அச்சிட்ட பத்தாயிரம் பையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

உலக்கை, 12 மார்ச், காலை 11.45

அச்சகத்தைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டேன். உண்மையாகவே, இப்போதுதான். அவருடைய முகவரியைக்கூட அனுப்பியிருந்தேன்.

கிள்ளான் கடை, 12 மார்ச், இரவு 10.10

நான் அன்று கோபத்தில் எழுதினேன். கடைக்காரன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு வேண்டியது காலாவதிச் சரக்கை யார் எடுப்பார் என்பது. விநியோகஸ்தர் எடுக்கமாட்டார் என்று தெரிந்தால் நாங்கள் 12 பை வாங்கமாட்டோம், நாலு பைதான். மேல் தட்டில் வைக்கமாட்டோம், அடியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்போம். பிறகு பொடி போகவில்லை என்பீர்கள்.

உலக்கை, 23 மார்ச், மதியம் 2.30

கடிதம் போய்விட்டது. ஒரே பக்கம், பின்னால் விலக்குத் தாள். முக்கிய வரிகள்:

"ஜொகூர் மாநிலத்தில் மளிகைக் கடைகளுக்கும் சிறு அங்காடிகளுக்கும் எங்கள் மூன்று சரக்குகளையும் தாங்கள் மட்டுமே வழங்குவீர்கள். நாங்களோ வேறு எவருமோ அக்கடைகளுக்கு வழங்கமாட்டோம். எங்கள் இணைய விற்பனையும், உணவகங்களும், இணைத்துள்ள தாளில் உள்ள வாடிக்கையாளரும் இதில் சேரமாட்டார்கள். வெள்ளோட்டம் 1 ஜூன் முதல் 30 நவம்பர் வரை. முதல் ஆர்டருக்கு ரொக்கம், பிறகு 30 நாள் கடன். பொடியின் ஆயுள் ஒன்பது மாதம், தங்கள் லாரியில் ஏறும்போது குறைந்தது ஏழு மாதம் மீதி இருக்கும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இரு பொடிகளிலும் தங்கள் கிடங்கைவிட்டு வெளியேறியது 80 பெட்டிக்குக் குறைந்தால் தனியுரிமை மட்டும் முடியும், தாங்கள் சாதாரண விலையில் தொடர்ந்து வாங்கலாம். 80ஐத் தொட்டால் ஓராண்டு ஒப்பந்தம். 30 ஏப்ரலுக்குள் பதில் இல்லையெனில் இம்முன்மொழிவு காலாவதியாகும். இது ஒப்பந்தம் அல்ல, முன்மொழிவு."

காலாவதிச் சரக்குக்கு: ஏழு மாத ஆயுளோடு கொடுத்தது கடையில் கெட்டால் பாதி அவர், பாதி நாங்கள், கடைக்காரருக்கு முழுமையாக மாற்றித் தர வேண்டும். பொட்டலம் கசிந்தால் முழுவதும் நாங்கள்.

உலக்கை, 17 ஏப்ரல், இரவு 11.00

பதில் வந்தது. அவர் சிரிக்கவில்லை. விலக்குத் தாளில் மாசாய் மாமாவின் பெயரைப் பார்த்து "இவர் என் பழைய வாடிக்கையாளர்" என்றார், அவ்வளவுதான். எதிர்க்கேள்வி வேறு: "என் ஆட்கள் 40 கடை பிடித்துக் கொடுத்த பிறகு நீங்கள் டிசம்பரில் வேறு ஆளைப் போட்டால்?"

நியாயமான பயம். நான் என் பக்கத்துப் பயத்தை மட்டும்தான் எழுதியிருந்தேன். அவர் 80ஐத் தொட்டும் நாங்கள் ஓராண்டு ஒப்பந்தம் செய்யாவிட்டால் கிடங்கில் உள்ள திறக்காத பெட்டிகளை வாங்கிய விலைக்கே திருப்பி எடுப்போம் என்று சேர்த்தேன். மலாக்கா கேட்டார். இப்போது இல்லை, வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்களிடம் கேட்போம் என்றேன். சென்ற வாரம் கையெழுத்து.

சுண்டல், 18 ஏப்ரல், காலை 7.30

பெயரைப் பதிந்தீர்களா?

உலக்கை, 18 ஏப்ரல், காலை 7.41

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. நீங்கள் என் மாமியார் மாதிரி கேட்கிறீர்கள்.

உலக்கை, 4 டிசம்பர் 2025, இரவு 9.20

இழையை மறுபடி எழுப்புகிறேன். வெள்ளோட்டம் முடிந்தது. தாள் ஒவ்வொரு மாதமும் வந்தது, இரண்டு தடவைதான் நினைவூட்ட வேண்டியிருந்தது. இரண்டு பொடியிலும் கிடங்கைவிட்டு வெளியே போன பெட்டி: ஆகஸ்டில் 24, செப்டம்பரில் 26, அக்டோபரில் 31, நவம்பரில் 9. மொத்தம் 90.

80ஐத் தாண்டிவிட்டார். ஆனால் அந்த 9 என்னைத் தூங்கவிடவில்லை. தீபாவளி அக்டோபர் 20, முறுக்கு மாவு ஏறியது புரிகிறது, பொடி ஏன் 31? போன சனிக்கிழமை நானே பஸ்ஸில் போய்ப் பத்துக் கடை ஏறி இறங்கினேன். ஸ்கூடாயில் ஒரு கடையில் பருப்புப் பொடி இருபத்திரண்டு பை அடுக்கியிருந்தது. முன் வரிசையைத் துடைத்தால் விரலில் தூசி. பையைத் திருப்பினேன், ஆகஸ்ட் தயாரிப்பு. கடைக்காரரிடம் கேட்டேன். "தீபாவளிக்குத் தள்ளுபடி என்று போட்டுவிட்டுப் போனார்கள், போகாவிட்டால் டிசம்பரில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்" என்றார். பத்தில் நான்கு கடை இப்படி. மற்ற ஆறு கடையிலும் நல்ல ஓட்டம், இரண்டில் இட்லிப் பொடி தீர்ந்தே போயிருந்தது.

கடற்பாலம், 5 டிசம்பர், காலை 10.00

தவறு என்னுடையது. கிடங்கைவிட்டு வெளியே போனதை எண்ணச் சொன்னேன், கடையைவிட்டு வெளியே போனதை அல்ல. திணிப்பது கிடங்கிலிருந்து கடைக்கு மாறிவிட்டது. நான் தொழிலில் இருந்தபோது என் ஆட்களுக்குத் தரகு லாரி ஏற்றத்துக்குத்தான், அவருக்கும் அப்படித்தான் இருக்கும். முதலாளிக்கே தெரியாமல்கூட இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

உலக்கை, 13 டிசம்பர், மாலை 7.15

கேட்டேன். அவருக்குத் தெரியாது என்றார், நம்புகிறேன். மறு நாளே லாரி அனுப்பி நான்கு கடைகளிலும் அதே மாதிரி அடைத்த மற்ற கடைகளிலும் திரும்ப எடுத்திருக்கிறார். இரண்டு பொடியிலும் சேர்த்து 11 பெட்டி.

90இல் 11 போனால் 79.

எண்கணக்கு, 13 டிசம்பர், இரவு 8.00

79 என்பது 80 அல்ல. தனியுரிமை முடிந்தது. எழுதியது எழுதியதுதான்.

கிள்ளான் கடை, 13 டிசம்பர், இரவு 8.40

அவர் திரும்ப எடுத்திருக்கிறார்! அந்த ஒரு காரியத்துக்கே நான் அவருக்கு இரண்டு ஆண்டு கொடுப்பேன். என் 40 புட்டி இன்னும் இங்கே இருக்கிறது.

கடற்பாலம், 14 டிசம்பர், காலை 9.30

எழுதியது எழுதியதுதான் என்றால், திரும்பி வந்ததைக் கழிக்க வேண்டும் என்று எழுதவில்லையே. திரும்பியது டிசம்பரில், காலம் நவம்பர் 30இல் முடிந்தது. எழுத்தின்படி அவர் 90. நியாயத்தின்படி 79. அந்த 11இலும் முழுவதும் ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் திணித்ததுதானா என்று தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுத்தை மதித்து ஓராண்டு கொடுத்துவிட்டுக் கண்காணிப்பை இறுக்குவேன்.

எண்கணக்கு, 14 டிசம்பர், காலை 9.52

மார்ச்சில் என் வகுத்தலைத் திருத்தினீர்கள், சரி. இதில் நீங்கள்தான் தவறு. அவருடைய ஆள் ஏமாற்றியதற்குப் பரிசு ஓராண்டா?

உலக்கை, 15 டிசம்பர், இரவு 10.30

இரண்டு பேர் சொன்னதையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் எண்கணக்குப் பக்கம். நான் இரண்டு பக்கமும் இல்லை. ஆறு கடையில் பொடி உண்மையாகவே ஓடுகிறது, அது அவருடைய ஆட்கள் பிடித்த கடை. எழுத்தின்படி ஓராண்டு கேட்க அவருக்கு உரிமை உண்டு, அதனால் அவரே சம்மதித்தால்தான் நான் நினைப்பது நடக்கும்.

நாளை காலை அவரிடம் கொண்டுபோகிற தாளில் இருப்பது: வெள்ளோட்டம் 31 மார்ச் வரை நீளும். ஓராண்டு ஒப்பந்தம் அதன் பிறகு. எண்ணுவது பன்னிரண்டு கடையின் அலமாரி, எந்தப் பன்னிரண்டு என்று அவர் ஆறு சொல்வார், நான் ஆறு சொல்வேன், மாதம் ஒருமுறை இருவருடைய ஆளும் சேர்ந்து போய் எண்ணுவார்கள். காலம் முடிந்து 60 நாளுக்குள் திரும்புவதெல்லாம் கழியும். விற்பனையாளர் தரகில் நான் தலையிட முடியாது, ஆனால் மறு ஆர்டருக்குத் தரகு கொடுத்தால் அதில் பாதியை நான் ஏற்கிறேன் என்று சொல்லப்போகிறேன்.

ஸ்கூடாய்க் கடையிலிருந்து வந்த 22 பையையும் வீட்டில் பிரித்தோம். மணம் குறையவே இல்லை. மாசாய் மாமா எடுத்துக்கொள்கிறேன் என்றார், மாதக் கணக்குக்கு மேல் ஆகிவிடும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.